‘நோ காஸ்ட்’ இஎம்ஐ சண்டையும் காலியாக வைத்த கணக்கும்

கேள்வி: ஐயா, புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். தங்கச்சி கல்யாணச் சீருக்காக காரைக்குடி கடை ஒன்றில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் 60,000 ரூபாய்க்கு வாங்கி, கிரெடிட் கார்டில் 12 மாத ‘நோ காஸ்ட்’ இஎம்ஐ போட்டேன். ஒரு பைசா வட்டி கிடையாது என்றார்கள். ஸ்டேட்மெண்டில் பார்த்தால் வட்டி, வட்டிக்கு ஜிஎஸ்டி, பிராசஸிங் ஃபீ எல்லாம் இருக்கிறது. ரொக்கம் கொடுத்தவருக்கு அதே சாமான் 57,000 என்று அப்புறம்தான் தெரிந்தது. 4 தவணை கட்டிய பிறகு ஆத்திரத்தில் 3 மாதமாக நிறுத்திவிட்டேன். மாப்பிள்ளைக்கு வாங்கிய 18,000 ரூபாய் போனை ஒரு ‘பே லேட்டர்’ ஆப்பில் 6 தவணைக்குப் போட்டிருந்தேன், நூற்றுக்கு ஒன்றரை வட்டி. அதிலும் 2 தவணைதான் கட்டினேன். நண்பர் சொன்னபடி கணக்கில் பணம் வைப்பதில்லை. இவர்கள் மேல் வழக்குப் போடலாமா? கந்துவட்டிச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமா?

பதில்:

தம்பி, நீங்கள் எழுதியதில் சட்டப்படி பெரிய வரி கடைசியில் போகிறபோக்கில் சொன்னதுதான்: கணக்கில் பணம் வைப்பதில்லை. கடைக்காரர் என்ன சொன்னார், ரொக்கக்காரருக்கு என்ன விலை போட்டார் என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு கடனில் நீங்கள் பயப்பட வேண்டியது சின்னக் கடனுக்குத்தான். உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த யோசனையைக் கேட்டுவிட்டு கோர்ட் படியேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பே லேட்டர் கடன் எடுக்கும்போது மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள உங்கள் கணக்கின் மேல் ஒரு மேண்டேட் கொடுத்திருப்பீர்கள், ஓடிபி போட்டு. செக் திரும்பினால்தான் குற்றம், இது வெறும் ஆப்தானே என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2007ஆம் ஆண்டின் பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தில் 25ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடனுக்காகக் கொடுத்த மின்னணு மேண்டேட், கணக்கில் போதிய பணம் இல்லை என்று திரும்பினால் அது செக் திரும்பியதற்குச் சமம். தண்டனையும் அதே அளவுதான், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள் நீங்கள் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. அந்த 15 நாளைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

எப்படி விடுகிறார்கள் என்றால், நோட்டீஸ் ஆதாரில் இருக்கிற பழைய முகவரிக்குப் போகும். ‘ஆள் இல்லை’ என்று திரும்பினாலும் சரியான முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். கானாடுகாத்தான் பக்கம் என் கட்சிக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. வேலை வெளியூரில், ஆதார் முகவரி பூட்டிக்கிடக்கும் பூர்வீக வீட்டில். போனுக்கு எடுத்த கடனில் திரும்பிய தவணை நாலாயிரம் சொச்சம். சம்மன் வந்தது கூட அவருக்குத் தெரியாது, வாரண்ட் வந்த பிறகுதான் என்னிடம் ஓடிவந்தார். கடைசியில் முழுக் கடனையும் கட்டி சமாதானமாக முடித்தோம், ஆனால் வாய்தாவுக்காகப் போட்ட லீவு, பஸ் செலவு, என் ஃபீஸ் எல்லாம் சேர்த்தால் அந்தப் போனை இன்னொரு முறை வாங்கியிருக்கலாம். அதனால் உங்கள் ஆதாரில் இருக்கும் வீட்டுக்குப் ஸ்பீட் போஸ்ட் ஏதாவது வந்து திரும்பியதா என்று இன்றே தபால்காரரிடம் விசாரியுங்கள். மேண்டேட்டை ரத்து செய்துவிட்டால் தப்பிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், வேண்டாம். செக் வழக்குகளில் ‘பேமெண்ட்டை நிறுத்து’ என்று சொன்னவரையும் கோர்ட் விடவில்லை, இங்கேயும் அதே வாதத்தை வைப்பார்கள்.

நூற்றுக்கு ஒன்றரை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு விஷயம். வட்டிச் சிட்டை வைத்து வட்டி பார்த்த ஊர்க்காரர் நீங்கள், ஆலையில் கணக்கும் எழுதுகிறீர்கள், நீங்களே போட்டுப் பாருங்கள். 18,000க்கு மாதம் 270, ஆறு மாதத்துக்கு 1,620. ஆக தவணை 3,270. ஆனால் முதல் தவணையிலேயே அசல் 3,000 குறைந்துவிட்டது, அடுத்த மாதம் நீங்கள் வைத்திருப்பது 15,000தான், அதற்கும் அதே 270 வாங்குகிறார்கள். கடைசி மாதம் கையில் இருப்பது 3,000, அதற்கும் 270. குறைகிற அசலுக்கு வட்டி என்று சரியாகப் போட்டால் இது நூற்றுக்கு இரண்டரை, ஆண்டுக்கு 30 சதவீதம். இது ஏமாற்றுதானே என்றால், கடன் எடுக்கும்முன் காட்டிய முக்கிய விவரத் தாளில் ஆண்டுச் செலவு விகிதம் என்று ஒரு எண் இருக்க வேண்டும், ரிசர்வ் வங்கி விதி அது. அதில் 30ஐ ஒட்டிய எண் இருந்தால் நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம், ‘ஒன்றரை’ என்று யார் வாயால் சொன்னாலும் சரி. தாளே தரவில்லை, அல்லது அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் ஒப்புதல் கேட்காமல் பிடித்திருக்கிறார்கள் என்றால் புகாருக்கு இடம் உண்டு. ஆனால் அதைப் பணத்தைக் கட்டிவிட்டுச் செய்யுங்கள்.

சரி, கார்டுக்கு வருவோம். இதில் கேள்வி ஒன்றுதான்: இஎம்ஐ ஆக மாற்றும் முன் அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் உங்களுக்குக் காட்டினார்களா? 2022இல் வந்த ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் இதைத்தான் கேட்கின்றன, ஸ்டேட்மெண்டிலும் தனித்தனியாகக் காட்டச் சொல்கின்றன, வட்டியுள்ள இஎம்ஐயை வட்டியில்லாதது போல மறைக்கக் கூடாது என்கின்றன. வட்டியே இல்லாத இஎம்ஐ என்று ஒன்று கிடையாது என்று 2013லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கடையில் நடந்தது இது: வங்கி 16 சதவீத வட்டி போட்டது என்று வையுங்கள். அந்த வட்டி 4,892 ரூபாயை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக்கொண்டு, உங்கள் பெயரில் 55,108 ரூபாய் கடன் எழுதினார்கள். 5,000 வீதம் 12 தவணை கட்டினால் 60,000, அதுவரை சொன்ன சொல் சரி. ஆனால் அந்த 4,892 வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 881 ரூபாய் உங்கள் தலையில். பிராசஸிங் ஃபீ 199 என்றால் வரியோடு 235. மொத்தம் 1,116 ரூபாய். ரொக்க விலை 57,000ஐயும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கடனாக வாங்கியது 57,000, கொடுப்பது 61,116. ஆண்டுக்குச் சுமார் 13 சதவீதம். நோ காஸ்ட் என்ற பெயர் பொருந்தாதுதான், ஆனால் கோர்ட்டை அதிரவைக்கும் வட்டியும் இல்லை.

கடையில் பின் நம்பர் போட்டபோது ஒரு சார்ஜ் ஸ்லிப் வந்திருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். வட்டி விகிதமும் தள்ளுபடியும் அச்சாகி, ஒப்புதல் வாசகமும் இருந்தால் உங்கள் வழக்கு அங்கேயே முடிந்தது. கடைப்பையன் வாயால் சொன்னது நிற்காது. கடை அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தில் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை என்று இருந்தால் அது வேறு, அதைப் பத்திரப்படுத்துங்கள்.

1,116 ரூபாய்க் கோபத்தில் நீங்கள் கட்டாமல் விட்டது என்ன செய்திருக்கிறது தெரியுமா? கட்டாத தவணை இஎம்ஐ வட்டியில் நிற்காது, கார்டின் சாதாரண வட்டிக்குப் போய்விடும், பல கார்டுகளில் அது மாதம் 3.75 சதவீதம், ஆண்டுக்கு 45. தாமதக் கட்டணம் 750, 950, 950 என்று வைத்தாலே வரியோடு 3,127. மூன்று மாதத்தில் சண்டைக்குரிய தொகையைப் போல மூன்று மடங்கு போய்விட்டது. அந்தக் கார்டில் பெட்ரோல் போட்டிருந்தால் அதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. இதைவிட மோசமானது இனிமேல்தான்: தொடர்ந்து தவறினால் இஎம்ஐயை ரத்து செய்து மீதி அசல் முழுவதையும் ஒரே ஸ்டேட்மெண்டில் போட பல வங்கிகளின் விதிமுறையில் இடம் இருக்கிறது. 4 தவணைக்குப் பிறகு உங்கள் மீதி அசல் ஏறக்குறைய 37,700. அதற்கு 3.75 சதவீதம் என்றால் மாதம் 1,414, வரி தனி. இஎம்ஐயாக ஓடியிருந்தால் அதே மாத வட்டி 503.

இது கந்துவட்டி ஆகாதா என்றால், ஆகாது. வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்று சொல்லி கோர்ட் கணக்கைத் திறக்க முடியாது, வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 21ஏ பிரிவு தடுக்கிறது. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்ன தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனத்துக்கும் மாநில வட்டிச் சட்டங்கள் பொருந்தாது என்று 2022இல் தீர்ப்பு இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆக, சண்டை வேண்டாம், முடித்துக்கொள்ளுங்கள். முதலில் பே லேட்டர் பாக்கி 13,080ஐயும் அவர்கள் காட்டும் அபராதத்தையும் கட்டி, கடன் முடிந்த கடிதம் வாங்குங்கள். கார்டில் மூன்று தவணை பாக்கியைக் கட்டுங்கள், கட்டும் அன்றே வங்கிக்கு ஒரு ஈமெயில்: ‘ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், ஃபீயையும் அதன் ஜிஎஸ்டியையும் தாமதக் கட்டணத்தையும் திருப்பித் தரவும், இஎம்ஐயை ரத்து செய்ய வேண்டாம்’. கட்டியவருக்குத் தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், கட்டாதவருக்குப் பார்த்ததில்லை. கையில் பணம் இல்லையென்றால் வங்கியில் நகைக்கடன் வையுங்கள், அந்த வட்டி இந்த 45இல் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

வசூல் ஏஜென்ட் போன் செய்து பாதிப் பணம் கட்டு, செட்டில்மெண்ட் செய்துவிடலாம் என்பார். மயங்காதீர்கள். சம்பளம் வருகிற உங்களுக்கு அது தேவையில்லை, சிபில் அறிக்கையில் ‘Settled’ என்று விழுந்தால் நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது மேனேஜர் அதைத்தான் முதலில் பார்ப்பார். வேலை போய், வருமானமே நின்றவருக்கு மட்டும்தான் நான் அதைச் சொல்வேன், அதுவும் வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகு.

நீங்கள் அனுப்பிய ஈமெயிலுக்கு வங்கியிடமிருந்து 30 நாளில் பதில் வரவில்லை அல்லது மறுத்துவிட்டார்கள், ஸ்லிப்பிலும் வட்டி விவரம் இல்லை என்றால், அப்போது cms.rbi.org.in இல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனுக்குப் புகார் போடுங்கள், செலவு கிடையாது. 1,116 ரூபாய்க்குச் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்கு அலைய வேண்டாம். சார்ஜ் ஸ்லிப்பை மட்டும் இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், வெப்பக் காகிதம், ஏற்கெனவே ஏழு மாதம் ஆகிறது, எழுத்து மங்கத் தொடங்கியிருக்கும்.