கரண்ட் போன அந்த ஐந்து நிமிடம்: சிறிய மருத்துவமனைகளுக்கான கேள்வி-பதில்

20 படுக்கை மருத்துவமனை எங்களுடையது. சனிக்கிழமைதோறும் ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறோம். போன வாரம் நள்ளிரவில் கரண்ட் போனபோது இன்ஜின் ஓடியது, ஐசியு மட்டும் இருட்டாகவே கிடந்தது. ஏன்?

நீங்கள் இதுவரை சோதித்தது இன்ஜினை மட்டும்தான். சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடும். ஆனால் ஈ.பி. சப்ளை போனதை உணர்ந்து, லோடை ஜெனரேட்டர் பக்கம் மாற்றிவிடுவது ஏஎம்எஃப் பேனலும் அதன் கான்டாக்டரும். அவை வேலை செய்கின்றனவா என்று சனிக்கிழமை யாரும் பார்ப்பதில்லை. நான் போய்ப் பார்த்த ஓர் இடத்தில் கோளாறே இல்லை. சர்வீஸுக்கு வந்தவர் செலக்டரை ‘மேனுவல்’ பக்கம் திருப்பி வேலையை முடித்துவிட்டு அப்படியே போய்விட்டார். மூன்று வாரம் யார் கண்ணிலும் படவில்லை.

ஆகவே மாதம் ஒருமுறை, பகலில், ஐசியு நர்ஸிடமும் டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு வென்டிலேட்டர் பக்கத்திலும் ஓர் ஆளை நிறுத்திவிட்டு, ஈ.பி. மெயினையே இறக்குங்கள். ஐசியுவில் ஒருவர் கைக்கடிகாரத்தோடு நிற்கட்டும். 10 வினாடிக்குள் விளக்கு திரும்ப வர வேண்டும். பிறகு அரை மணி நேரம் லோடோடு ஓட விடுங்கள். லோடு இல்லாமல் ஓட்டும் டீசல் இன்ஜின் போதிய சூடு ஏறாமல், எரியாத எண்ணெயைப் புகைக்குழாயில் சேர்க்கும். குழாய் முனையில் கறுப்பாக ஈரம் கசிந்தால் அதுதான் அடையாளம். குறைந்தது 30 சதவீத லோடு வேண்டும். 62.5 கேவிஏ செட் என்றால் ஒரு ஃபேஸுக்குச் சுமார் 26 ஆம்பியர். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சப்ளையை நிறுத்தும் நாளும் இதற்கு நல்ல வாய்ப்பு, மணிக்கணக்கில் ஓடுவதைப் பார்த்துவிடலாம்.

பேட்டரியையும் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, இன்ஜினைச் சுழற்றும்போது 9.5க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள்.

இரண்டு நோயாளிகள் கான்சன்ட்ரேட்டரில் இருக்கிறார்கள். கரண்ட் போனால் பி-டைப் சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?

கான்சன்ட்ரேட்டர் கரண்ட் போன உடனே நின்றுவிடும். சிலிண்டருக்குக் கரண்ட் வேண்டாம். கணக்கு எளிது: பி-டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர், அதை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் பெருக்குங்கள். 75 பார் இருந்தால் 750 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 150 நிமிடம். ஆனால் கடைசி வரை நம்ப வேண்டாம். 30 பாரிலேயே மாற்றிவிடுவதாக வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 450 லிட்டர், அதாவது 90 நிமிடம். இதை ஒருவருக்கு ஒரு சிலிண்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெகுலேட்டர் மாட்டியபடியே இருக்கட்டும், சாவியைச் சங்கிலியில் சிலிண்டரோடு கட்டிவிடுங்கள். இருட்டில் சாவியைத் தேடி ஆறு நிமிடம் அலைந்த வார்டை நான் பார்த்திருக்கிறேன்.

வென்டிலேட்டரின் உள் பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும் என்று கம்பெனிக்காரர் சொன்னார். தனியாக யுபிஎஸ் தேவையா?

அந்த நாலு மணி புது பேட்டரிக்கானது. நோயாளி இல்லாதபோது டெஸ்ட் லங்கை மாட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ‘பேட்டரி குறைவு’ அலாரம் அடிக்கும்வரை நேரத்தைக் குறியுங்கள். அதில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்து, தேதியோடு இயந்திரத்திலேயே ஒட்டிவிடுங்கள். யுபிஎஸ் தேவைதான். முக்கியமாக ஹை-ஃப்ளோ ஆக்சிஜன் கருவிகளிலும் பைபாப்களிலும் பலவற்றுக்கு உள் பேட்டரியே கிடையாது. கம்ப்ரஸ்ட் ஏர் கேட்கும் பழைய மாடல் வென்டிலேட்டர் உங்களிடம் இருந்தால், பேட்டரி நன்றாக இருந்தாலும் கம்ப்ரஸர் நின்றதும் அலாரம் அடிக்கும்.

கரண்ட் போன நொடியில் நர்ஸ் இயந்திரத்தைப் பார்க்கக் கூடாது, நோயாளியின் மார்பைப் பார்க்க வேண்டும். மார்பு ஏறி இறங்கவில்லையென்றால் காரணம் தேட வேண்டாம். குழாயைக் கழற்றி ஆம்பு பேக்கை மாட்டி, 5–6 வினாடிக்கு ஒருமுறை மெதுவாக அழுத்துங்கள். பதற்றத்தில் எல்லோரும் வேகமாக அழுத்துவார்கள், அதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஆக்சிஜன் குழாய் கைக்கு வராவிட்டாலும் பேக் தானாகவே காற்றை இழுத்துக்கொள்ளும், ஆகவே அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஒருவர் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும், மாற்றிவிட இன்னொருவர் வேண்டும். இரண்டு வென்டிலேட்டர் என்றால் இரவு ஷிஃப்டில் நான்கு பேர். அவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு இரவும் போர்டில் எழுதுங்கள். வாட்ச்மேனுக்கும் சொல்லிக்கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஆம்பு பேக் ஸ்டோர் ரூம் அலமாரியில் அல்ல, கட்டிலின் தலைமாட்டில், டார்ச்சோடு தொங்க வேண்டும். சக்ஷனும் நின்றிருக்கும். காலால் மிதிக்கும் சக்ஷன் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

டீசல் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

கையேட்டை நம்பாதீர்கள். மாதாந்திரச் சோதனையின் அரை மணிக்கு எவ்வளவு குறைந்தது என்று அளவுக்குச்சியால் அளந்து, இரட்டிப்பாக்கினால் உங்கள் மணிக்கணக்கு கிடைக்கும். உங்கள் ஊரில் புயலோ வெள்ளமோ வந்தால் பங்க் திறக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதோடு அதைப் பெருக்குங்கள்.