வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் மீட்பு சேவைக்குப் போன் போட்டு என்ன சொல்ல வேண்டும்? எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது, பதற்றத்தில் உளறிவிடுகிறேன்

வண்டியைப் பற்றித் தெரியாமல் இருப்பது இங்கே ஒரு குறையே இல்லை. என்ன கோளாறு என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும், நடந்த வரிசை மாறாமல் சொன்னால் போதும். போனை எடுப்பவர் முடிவு செய்ய வேண்டியவை இரண்டுதான்: எதை அனுப்புவது, எங்கே அனுப்புவது. ஒரு மெக்கானிக் பேட்டரியோடு வந்தால் போதுமா, இரண்டு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு இழுக்கும் வண்டி வேண்டுமா, முழுக் காரையும் மேலே ஏற்றிக்கொள்ளும் ஃபிளாட்பெட் லாரி வேண்டுமா என்பது உங்கள் வாயிலிருந்து வரும் நாலைந்து வாக்கியங்களில் தீர்மானமாகிறது. அது தப்பினால் தப்பான வண்டி வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். நீங்கள் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

நீங்கள் கார் வைத்திருக்கிறீர்கள், பெரிய சாலையில் போகிறவர் என்று எடுத்துக்கொண்டு ஒரே ஒரு உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன்.

கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது. உடனே ஸ்டியரிங் கல்லாகக் கனக்கிறது. சில நிமிடங்களில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. நீங்கள் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுகிறீர்கள். இப்போது போனில் பெரும்பாலோர் சொல்வது, "பேட்டரி போயிடுச்சுங்க, வண்டி நின்னுடுச்சு." மறுமுனையில் இருப்பவர் அதை நம்பி, பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கிற, அதாவது வேறொரு பேட்டரியை இணைத்துக் கிளப்பிவிடுகிற ஆளை அனுப்புவார். அவர் வந்து தட்டினால் இன்ஜின் கிளம்பவும் கிளம்பும். எல்லோருக்கும் நிம்மதி. கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் கொதித்து, இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகலாம்.

ஏனென்றால் இங்கே கெட்டது பேட்டரி இல்லை. இன்ஜினின் முன்னால் ஓடும் ஒரு பெல்ட் அறுந்திருக்கிறது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங் பம்ப், பல இன்ஜின்களில் தண்ணீர் பம்ப், எல்லாவற்றையும் சுற்றுவது அந்த ஒற்றை பெல்ட்தான். அதனால்தான் விளக்கு, கனம், சூடு மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த வரிசையைக் கேட்ட மாத்திரத்தில் அனுபவமுள்ளவர் "ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றுதான் முதலில் சொல்வார்.

"என் காரில் எலக்ட்ரிக் ஸ்டியரிங், அது கனக்காதே" என்று யாராவது கேட்பீர்கள். சரிதான். சில இன்ஜின்களில் தண்ணீர் பம்பும் இந்த பெல்ட்டில் இருக்காது. அப்போது பேட்டரி விளக்கு மட்டும்தான் வரும். அதனால்தான் எது வந்தது என்பதோடு எது வரவில்லை என்பதையும் சொல்லச் சொல்கிறேன்.

இனி, இதே காருக்குப் பேச்சு இப்படி இருக்கட்டும். எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாலும் தப்பில்லை.

"வணக்கம். கார் ரோட்டோரத்துல முழுசா ஒதுங்கி நிக்குது, ஓடுற பாதையில இல்ல. நாங்க நாலு பேர், ஒண்ணு குழந்தை. எல்லாரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறோம். யாருக்கும் அடி இல்ல. நடுவுல தடுப்பு இருக்கிற ரோடு, நாங்க தெற்கே போற பக்கம். கிலோமீட்டர் கல் 142 தாண்டியாச்சு, 143 இன்னும் வரல. கடைசியா ஒரு மேம்பாலம் தாண்டினோம்.

பெட்ரோல் கார், ஆட்டோமேட்டிக் கியர், நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு, ஃபோர் வீல் டிரைவ். வெள்ளை நிறம். நம்பரை ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், எழுதிக்குங்க.

பத்து நிமிஷம் முன்னாடி முன்பக்கம் 'தட்'டுன்னு ஒரு சத்தம். பேட்டரி லைட் எரிஞ்சுது. ஸ்டியரிங் கனமாச்சு. அப்புறம் டெம்பரேச்சர் முள் ஏறுச்சு, சிவப்பைத் தொடுறதுக்குள்ள அணைச்சுட்டேன். ஆவி வரல, கீழே எதுவும் ஒழுகல. அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கல.

நியூட்ரல் விழுது, ஸ்டியரிங் திரும்புது, நாலு டயர்லயும் காத்து இருக்கு. போன்ல சார்ஜ் 18 சதவீதம்தான்."

நிதானமாகச் சொன்னாலும் ஒன்றரை நிமிடம் ஆகாது.

ஆளும் இடமும் முதலில் வருவதற்குக் காரணம், பாதியில் போன் துண்டித்தாலும் உதவி கிளம்பிவிடும். கார் ஓடுபாதையிலேயே மாட்டிக்கொண்டால் மட்டும் மீட்பு சேவைக்கு முன்னால் அவசர எண்ணுக்கு அடித்துவிடுங்கள். எத்தனை பேர் என்பதும் வெறும் விசாரிப்பு இல்லை. லாரி கேபினில் பெரும்பாலும் ஓரிருவர்தான் உட்கார முடியும், மீதிப் பேருக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அனுப்புங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். சில மீட்டர் பிசகினால் அந்தப் புள்ளி எதிர்ப் பக்கத்துச் சாலையிலோ, கீழே போகும் சர்வீஸ் ரோட்டிலோ விழும். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில், எதிர்ப் பக்கம் வந்துவிட்ட லாரி அடுத்த திருப்பம் வரை போய்த்தான் திரும்பி வர முடியும். எந்தப் பக்கம் என்பது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும்.

நான்கு சக்கர இழுவையையும் ஆட்டோமேட்டிக்கையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடுவது இன்ஜினால் ஓடும் பம்ப். இன்ஜின் அணைந்திருக்கும்போது, இழுவை உள்ள, அதாவது இன்ஜின் சுழற்றும் சக்கரம் தரையில் உருண்டபடி இழுத்துப் போனால் உள்ளே எண்ணெய் போகாமல் தேய்ந்துவிடும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை இருந்தால் எந்த இரண்டைத் தூக்கினாலும் இதே கதிதான், அதற்கு ஃபிளாட்பெட் வேண்டும். எலக்ட்ரிக் காரையும் அப்படித்தான் ஏற்ற வேண்டும். அந்த லாரியிலும் காரை வின்ச் என்ற கம்பி சுற்றும் உருளையால் இழுத்துத்தான் ஏற்றுவார்கள். அதனால்தான் சக்கரம் உருளுமா, நியூட்ரல் விழுமா என்ற கேள்வி வருகிறது. நியூட்ரலைச் சமதளத்தில், ஓரம்கட்டும்போதே காலை பிரேக்கில் வைத்துப் பார்த்துவிடுங்கள். சரிவில் நின்றால் தொடவே வேண்டாம், "பார்க்கல" என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கார் ஓடும்போது நிற்காமல், நின்ற இடத்திலிருந்தே கிளம்பாமல் போனால் "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் என்று சொல்லுங்கள். டக்டக்டக் என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது பேட்டரியில் ஒயர் மாட்டும் டெர்மினல் தளர்ந்திருக்கும். இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது பேட்டரி இல்லை, ஜம்ப் கொடுக்கும் ஆள் வந்து பயனில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இப்போது பல கார்களில் டெம்பரேச்சர் முள்ளையே எடுத்துவிட்டு, ஒரு சிவப்பு விளக்கை மட்டும் வைத்துவிடுகிறார்கள். முள் இருந்தால் ஏறுவதைப் பார்த்து அணைக்கலாம். விளக்கு எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே கொதித்திருக்கும். ஓட்டுகிறவரிடமிருந்து அந்த இரண்டு நிமிடத்தைப் பிடுங்கியது அநியாயம். உங்கள் காரில் முள் இல்லை என்றால் போனில் அதையும் சொல்லுங்கள், "முள் கிடையாது, சிவப்பு லைட் வந்ததும் அணைச்சேன்" என்று.

போனை வைப்பதற்கு முன் புகார் எண், வரப்போவது எந்த வகை வண்டி, டிரைவர் எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவார், மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும்போது புகை, ஒழுகல் என்று புதிதாக ஏதாவது தெரிந்தால் அந்தப் புகார் எண்ணைச் சொல்லி மறுபடி அழையுங்கள். லாரி கிளம்பியிருந்தாலும் வழியிலேயே மாற்றிவிட வாய்ப்புண்டு.