நேற்றைய பாடக் குறிப்பில் புரியாத இடங்களை இன்றே குறித்து வைப்பது எப்படி?

கிரேடு 10, 11-இல் பிள்ளைகள் உள்ள பெற்றோர் இங்கே மொரிஷியஸில் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "பிள்ளை தினமும் நோட்டைத் திறந்து படிக்கிறாள், லெசோனுக்கும் போகிறாள். கேட்டால் எல்லாம் தெரியும் என்கிறாள். டெஸ்டில் மட்டும் மார்க் வரவில்லை. எச்.எஸ்.சி.யில் வேதியியலை மெயினாக எடுக்கச் சொல்லலாமா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் பார்க்க வேண்டியது பிள்ளையின் மார்க் அட்டையை அல்ல, பாட நோட்டை. நோட்டு சுத்தமாக, அழகாக இருக்கும். ஆனால் எந்த இடம் புரியவில்லை என்பதற்கு அதில் ஒரு கோடுகூட இருக்காது.

அந்தக் கோடுகளை இட ஏற்ற நேரம் பாடம் நடந்த மறுநாள். பாடம் நடந்த அன்று மாலையே நோட்டைப் புரட்டினால் ஆசிரியரின் குரல் இன்னும் காதில் இருக்கும். நோட்டில் எழுதாததையும் நினைவு நிரப்பிக்கொள்ளும், எல்லாம் புரிந்த மாதிரி தோன்றும். ஒரு இரவு தூங்கி எழுந்தபின் அந்தத் துணை போய்விடுகிறது. உண்மையில் எது நின்றது, எது நழுவியது என்று அப்போதுதான் தெரியும். ஒரு வாரம் தள்ளிப்போட்டாலோ ஆசிரியர் அதற்கு மேல் இரண்டு பாடம் கட்டியிருப்பார். பிள்ளைக்குத் தான் எங்கே விட்டோம் என்றே கண்டுபிடிக்க முடியாது.

மறதியை முதன்முதலாக அளந்து பார்த்த ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட கணக்கும் இதையே சொல்கிறது. கற்றதை மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அவர் பார்த்தார். ஒரு நாள் கழித்து மிச்சம் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலோ ஐந்தில் ஒரு பங்கு. பெரிய இழப்பு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை. பொருளோடு கற்கும் பாடம் அவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் முதல் நாள்தான் செங்குத்தான சரிவு.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடநூல் ஆங்கிலம், தேர்வு ஆங்கிலம், கரும்பலகையில் எழுதுவதும் ஆங்கிலம். ஆனால் வகுப்பில் "ஏன் அப்படி?" என்று ஒரு பிள்ளை கேட்டால் விளக்கம் பல நேரம் கிரியோலில் வருகிறது. அந்த விளக்கத்தை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. ஆக, நோட்டில் முடிவு மட்டும் இருக்கிறது, காரணம் காற்றோடு போய்விடுகிறது. மறுநாள் படிக்கும்போது தேட வேண்டியது முதலில் அந்தக் காரணங்களைத்தான். கிரியோலிலோ தமிழிலோ எழுதிக்கொண்டாலும் சரி, நோட்டின் ஓரத்தில் அது இருக்க வேண்டும்.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம். திங்கட்கிழமை வேதியியல் வகுப்பில் எலெக்ட்ரோலிசிஸ், அதாவது மின்பகுப்பு. செறிந்த உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின் முனையான கேத்தோடில் ஹைட்ரஜன், நேர்மின் முனையான ஆனோடில் குளோரின், கடைசியில் மிஞ்சுவது சோடியம் ஹைட்ராக்சைடு. நோட்டில் ஒரு படம், இரண்டு சமன்பாடுகள், ஐந்தாறு வரிகள், அவ்வளவுதான். செவ்வாய் மாலை பிள்ளை செய்ய வேண்டியது இது.

முதலில் நோட்டைத் திறக்காமல் ஒரு வெற்றுத் தாளில் படத்தை வரைந்து, எங்கே எது வருகிறது என்று நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிடம் போதும். இதைத் தாண்டிக் குதித்து நேராக நோட்டைப் படிக்கத் தொடங்குவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. திறந்த நோட்டில் ஒவ்வொரு வரியும் பழகிய முகம்போல் தெரியும்; பழக்கத்தைப் பிள்ளை புரிதல் என்று எடுத்துக்கொள்வாள். "எல்லாம் தெரியும்" என்று அவள் சொல்வது பொய் அல்ல, அவளுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே பகுதியைச் சிலர் இருமுறை படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

அடுத்து நோட்டைத் திறந்து, தாளோடு ஒப்பிட்டு, வரி வரியாக நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைத் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்க வருமா? தடுமாறும் இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஓர் எழுத்து. மூன்று எழுத்துகள் போதும். வகுப்பில் கேட்காமலோ எழுதாமலோ விட்டுப்போன இடத்துக்கு "வி". எழுதியிருக்கிறது, ஆனால் ஏன் அப்படி என்று தெரியாத இடத்துக்கு "ஏ". காரணம் புரிகிறது, தானாகச் செய்ய வரவில்லை என்றால் "செ".

நம் உப்புக் கரைசல் பாடத்தில் இந்தக் குறிகள் எங்கே விழும்? நோட்டில் `2H⁺ + 2e⁻ → H₂` என்று இருக்கிறது. கரைசலில் சோடியம் அயனியும் இருக்கிறதே, அது ஏன் கேத்தோடில் படியவில்லை? காரணம் நோட்டில் இல்லை. இங்கே "ஏ". (சோடியம் ஹைட்ரஜனைவிட வினைத்திறன் மிக்கது, அது அயனியாகவே கரைசலில் தங்கிவிடுகிறது, எலெக்ட்ரானை ஹைட்ரஜன் அயனி வாங்கிக்கொள்கிறது. ஆசிரியர் இதை வாயால் சொல்லியிருப்பார்.) கொஞ்சம் மேலே, அந்த ஹைட்ரஜன் அயனி எங்கிருந்து வந்தது என்ற வரியே காணோம், தண்ணீரிலிருந்து என்று சொன்னபோது பிள்ளை படம் வரைந்துகொண்டிருந்திருப்பாள். அங்கே "வி". ஆனோடுக்கான சமன்பாட்டைப் பார்க்காமல் எழுதச் சொன்னால் குளோரைடு அயனியை ஒன்றாகப் போட்டு, எலெக்ட்ரானை இடப்பக்கம் எழுதுகிறாள். சரியானது `2Cl⁻ → Cl₂ + 2e⁻`. அங்கே "செ".

இதில் யாரும் குறி இடாத இடம் ஒன்று உண்டு, டெஸ்டில் மார்க் போவதும் அங்கேதான். நோட்டின் முதல் வரியில் "செறிந்த" என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சுருக்கம் ஒன்று இருக்கும். கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் பாடத்தின் முடிவையே தீர்மானிப்பது அந்தச் சொல். கரைசல் செறிவாக இருந்தால் ஆனோடில் குளோரின். மிகவும் நீர்த்திருந்தால் ஆக்சிஜன். ஆகவே பிள்ளைக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள்: நிபந்தனை சொல்லும் சொற்கள், அதாவது செறிந்த, உருகிய, அதிகமான, சூடான என்பவை வரும் இடமெல்லாம் நின்று, "இது இல்லாவிட்டால் என்ன மாறும்?" என்று கேட்க வேண்டும். பதில் தெரியாவிட்டால் "ஏ".

குறி இட்டபின் ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியக் கேள்வியாக எழுத வேண்டும். "எலெக்ட்ரோலிசிஸ் புரியவில்லை" என்று ஆசிரியரிடம் போனால் அவர் முழுப் பாடத்தையும் சுருக்கி மறுபடி சொல்வார். சந்தேகம் அப்படியே இருக்கும். "சோடியம் அயனி இருக்கும்போது கேத்தோடில் ஏன் ஹைட்ரஜன் வருகிறது?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். மூன்று குறிகளும் மூன்று இடங்களுக்குப் போக வேண்டியவை. "வி" என்றால் வகுப்புத் தோழியின் நோட்டு போதும், ஆசிரியர் தேவையில்லை. "ஏ" பள்ளி ஆசிரியரிடமோ லெசோன் ஆசிரியரிடமோ போக வேண்டும். "செ" யாரிடமும் போக வேண்டாம். அந்த மாதிரிக் கணக்கு நான்கைந்து போட்டுப் பார்ப்பதுதான் வழி. இந்தப் பிரிவினை இல்லாததால்தான் பல பிள்ளைகள் எல்லாவற்றையும் லெசோனுக்குக் கொண்டுபோய், அங்கேயும் கேட்டுவிட்டு மட்டும் வருகிறார்கள்.

குறி இடும் நேரத்தில் விடை தேடக் கூடாது, இது கண்டிப்பு. தேடத் தொடங்கினால் ஒரு வீடியோ இன்னொன்றுக்கு இழுத்துப் போகும், மீதிப் பக்கம் பார்க்கப்படாமலே கிடக்கும். ஒரு பாடத்துக்கு மொத்தம் பதினைந்து நிமிடம், நோட்டை மூடிவிட வேண்டும். அழகாகத் திருப்பி எழுதுவதும் வேண்டாம். கை உழைக்கும், தலை ஓய்வெடுக்கும். வண்ணப் பேனாவால் பக்கம் முழுக்க அடிக்கோடிடுவது முக்கியமானதைக் காட்டுமே தவிர, புரியாததைக் காட்டாது. ஒரு பக்கத்தில் பத்துக் குறிக்கு மேல் விழுந்தால் அந்தப் பாடத்துக்கு முந்திய பாடத்திலேயே ஓட்டை இருக்கிறது. மின்பகுப்பில் அப்படி என்றால் அயனிகள், வினைத்திறன் வரிசை இரண்டையும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நினைவூட்டல். "படி" என்று ஃபோனில் அலாரம் வைத்தால் இரண்டாவது வாரத்தில் கை தானாக அதை அணைத்துவிடும். நினைவூட்டலில் பாடமும் பக்கமும் செயலும் இருக்க வேண்டும்: "செவ்வாய் 5.30, நேற்றைய வேதியியல், கடைசி இரண்டு பக்கம், நோட்டை மூடி எழுது, பிறகு குறி இடு." வகுப்பு நேர அட்டவணையைப் பார்த்து ஃபோன் காலெண்டரில் வாரம்தோறும் திரும்பும்படி ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். எல்லாப் பாடத்துக்கும் வைக்காதீர்கள். எச்.எஸ்.சி.யில் மெயினாக எடுக்க நினைக்கும் இரண்டு மூன்று பாடங்கள் போதும். லெசோன் இருக்கும் நாளில் நேரத்தை லெசோனுக்கு முன்னால் வையுங்கள், கேள்வி கையில் இருக்கும்போது போவதற்காக. பஸ்ஸில் போகும் நேரத்தை இதற்கு நம்ப வேண்டாம். படிக்கலாம், மூடிவைத்து எழுத முடியாது. வெள்ளிக்கிழமைப் பாடத்துக்குச் சனிக்கிழமை காலை. குடும்ப விசேஷமோ காவடித் திருநாளோ வந்து அது தவறினால் திங்கள் வகுப்புக்குமுன் எப்போதாவது. அதையும் தாண்டினால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் புதிய பாடத்திலிருந்து தொடரட்டும்.

அம்மா அப்பா செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் தொனி சரியாக இருக்க வேண்டும். "நேற்று என்ன படித்தாய், ஒப்பி" என்று கேட்டால் பிள்ளை ஒப்பித்துவிடும், ஒன்றும் தெரியவராது. "நேற்றைய பாடத்தில் எத்தனை ஏ போட்டாய்? ஒன்றைக் காட்டு" என்று கேளுங்கள். குறி அதிகமாக இருந்ததற்குத் திட்டிவிட்டீர்களானால், மறுநாளிலிருந்து பக்கம் சுத்தமாகிவிடும். அதன்பின் அந்த நோட்டு உங்களுக்கும் பயன்படாது, ஆசிரியருக்கும் பயன்படாது. பல நாள் ஒரு குறியும் இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது நோட்டை மூடி எழுதிய தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் முதல் படி நடக்கவில்லை.

பதில் கிடைத்த குறியை அழிக்க வேண்டாம், மேலே ஒரு கோடு போட்டு ஓரத்தில் பதிலை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு டெர்ம் போனபின் அந்த நோட்டைப் புரட்டினால் முதலில் கேட்ட கேள்விக்கு விடை தெரியும். "ஏ"க்கள் வந்து வந்து கோடு விழுந்திருந்தால், பிள்ளை காரணம் தேடுகிறாள், கண்டும்பிடிக்கிறாள். மார்க் இன்னும் ஏறாவிட்டாலும் வேதியியலை மெயினாக எடுக்கலாம். "செ" மட்டும் மிஞ்சியிருந்தால் குறை பயிற்சியில்தான், விடுமுறையில் சரிசெய்யக்கூடியது. கோடு விழாத "ஏ"க்கள் மாதக்கணக்கில் சேர்ந்திருந்தால், பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போய்ப் பாட ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள்.