கட்டாத வரியை ஏன் கடனாகக் காட்டுகிறார்கள்?

அன்புள்ள ஐயா, தண்டையார்பேட்டையில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆடிட்டர் தரும் பேலன்ஸ் ஷீட்டில் 'டெஃபர்ட் டாக்ஸ்' என்று ஒரு தொகை கடன் பக்கத்தில் நிற்கிறது. "யாருக்குப்பா கட்டணும், எப்ப கட்டணும்?" என்று முதலாளி கேட்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வருஷா வருஷம் அது கூடிக்கொண்டே வேறு போகிறது.
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதலாளியிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: வருமான வரித் துறை இந்தத் தொகையைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பாது, அவர்களுடைய கணக்கில் இப்படி ஒரு பாக்கியே கிடையாது. இது உங்கள் கம்பெனி தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் தொகை.

உங்கள் தொழிலிலிருந்தே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். வருஷத் தொடக்கத்தில் 30 லட்சத்துக்கு ஒரு டிரெய்லர் வாங்குகிறீர்கள். வாடகைக்கு ஓடும் லாரிக்குக் கம்பெனிச் சட்டம் 6 வருஷ ஆயுள் சொல்கிறது. கடைசியில் கிடைக்கும் பழைய இரும்பு விலையை விட்டுவிட்டால், உங்கள் புத்தகத்தில் தேய்மானம் வருஷத்துக்கு 5 லட்சம், ஆறு வருஷமும் ஒரே அளவு. வருமான வரிக் கணக்கு அப்படிப் போகாது. அங்கே வாடகை லாரிக்கு 30 சதவீதம், அதுவும் ஒவ்வொரு வருஷமும் மீதி மதிப்பின் மேல். முதல் வருஷம் 9 லட்சம், அடுத்து 6.30, அப்புறம் 4.41, 3.09 என்று இறங்கிக்கொண்டே வரும். வண்டி அதேதான், செலவும் அதே 30 லட்சம்தான், எந்த வருஷத்தில் எவ்வளவு கழிப்பது என்பதில்தான் இரண்டு சட்டமும் பிரிகின்றன.

தேய்மானத்துக்கு முன் வருஷா வருஷம் 20 லட்சம் லாபம் என்று வையுங்கள், வரி 25 சதவீதம். முதல் வருஷம் புத்தக லாபம் 15 லட்சம், வரிக்கான லாபம் 11 லட்சம், கட்டும் வரி 2.75 லட்சம். அதை மட்டும் கழித்தால் நிகர லாபம் 12.25 லட்சம். நாலாவது வருஷத்தில் வரிக்கான லாபம் 16.91 லட்சமாக ஏறிவிடும், வரி 4.23 லட்சம், நிகர லாபம் 10.77 லட்சம். துறைமுகத்துக்கு அதே நடைதான், வாடகையும் அதேதான், ஆனால் பேலன்ஸ் ஷீட்டைப் படிக்கிற பேங்க் மேனேஜர் தொழில் படுத்துவிட்டது என்று நினைப்பார். இது பொய்யான சித்திரம். இதைச் சரிசெய்யத்தான் 2001-ல் வந்த ஏ.எஸ். 22 என்ற கணக்கியல் தரம் டெஃபர்ட் டாக்ஸைக் கேட்கிறது.

முதல் வருஷம் இரண்டு லாபத்துக்கும் இடைவெளி 4 லட்சம். அதற்கு 25 சதவீதம், ஒரு லட்சம். இதை இந்த வருஷச் செலவாகவும் கடனாகவும் எழுதுகிறோம். இரண்டாம் வருஷம் 32,500 சேர்ந்து கடன் 1,32,500 ஆகும். மூன்றாம் வருஷத்திலிருந்து வரிக் கணக்குத் தேய்மானம் 5 லட்சத்துக்குக் கீழே போய்விடுவதால் திசை திரும்புகிறது. அந்த வருஷம் 14,750, நாலாம் வருஷம் 47,825 குறையும், ஐந்தாம் வருஷ முடிவில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. எப்போது கட்டணும் என்று உங்கள் முதலாளி கேட்டதற்கு விடை இதுதான்: மூன்றாம் வருஷத்திலிருந்து கூடுதலாகக் கட்டும் வரிக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது, தனிச் செலான் கிடையாது. வருஷா வருஷம் நிகர லாபமும் 11.25 லட்சத்தில் நிற்கும்.

அப்படியென்றால் உங்கள் தொகை ஏன் குறையவில்லை? பெரும்பாலும் காரணம், ஒரு வண்டியின் இடைவெளி மூடுவதற்குள் அடுத்த வண்டி வாங்கிவிடுகிறீர்கள். பழையது திரும்புவதைவிடப் புதியது கூட்டுவது அதிகம். வண்டி வாங்குவதை நிறுத்திப் பாருங்கள், தானாக இறங்கும்.

தொகை சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வருஷ முடிவில் வண்டியின் மதிப்பு புத்தகத்தில் 25 லட்சம், வரிக் கணக்கில் 21 லட்சம். வித்தியாசம் 4 லட்சம், அதில் கால் பங்கு ஒரு லட்சம், பேலன்ஸ் ஷீட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முதலில் வாங்கிய தேதியைப் பாருங்கள். அந்த வருஷத்தில் வண்டி 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் வரிக் கணக்கில் பாதி விகிதம்தான், 9 லட்சம் 4.50 லட்சமாகிவிடும். அப்போது புத்தகத் தேய்மானத்தையும் ஓடிய நாட்களுக்கு மட்டும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் பார்த்தவரை தப்பு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான்.

அப்புறம், டிராஃபிக் அபராதம் போன்றவற்றை இதில் கலக்காதீர்கள். புத்தகத்தில் அது செலவு, வரிக் கணக்கில் எந்த வருஷமும் கழிக்க விடமாட்டார்கள். பின்னால் திரும்பி வராத வித்தியாசம் என்பதால் அதற்கு டெஃபர்ட் டாக்ஸ் கிடையாது. உங்கள் கணக்கில் போட்டிருந்தால் ஆடிட்டரிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.