பட்டரியில் 12, நடுவில் 2.7: மீட்டர் பொய் சொல்கிறதா?

கேள்வி: ஐயா, 50 மைக்ரோ அம்பியர் கல்வனோமானி ஒன்றை (உள் தடை 2 கிலோ ஓம்) 20 வோல்ற்றுக்கான வோல்ற்றுமானியாக மாற்றினேன். தொடராக 398 கிலோ ஓம் வேண்டும் என்று கணக்கு வந்தது. ஹட்டன் கடையில் 390தான் கிடைத்தது. சரியாக 12 வோல்ற்று உள்ள பட்டரியில் 12.2 காட்டுகிறது. ஆனால் லயன் வீட்டுச் சூரிய விளக்கில், அந்தப் பட்டரிக்குக் குறுக்கே தொடராக இருக்கும் இரண்டு 1 மெகா ஓம் தடையிகளின் நடுவில் 6 வர வேண்டிய இடத்தில் 2.7தான் வருகிறது. 390 போட்டதுதான் காரணமா?

பதில்: பட்டரியில் கூடுதலாகக் காட்டும் 0.2 வோல்ற்றுக்கு மட்டும்தான் அது காரணம். நடுவில் காணாமல் போகும் 3.3 வோல்ற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதலில் சிறிய பிழையை முடித்துவிடுவோம். 20 வோல்ற்றை 50 மைக்ரோ அம்பியரால் வகுத்தால் மொத்தத் தடை 400 கிலோ ஓம். சுருளின் 2 கிலோ ஓமைக் கழித்தால் 398. உங்கள் கணக்கு சரிதான். 390 போட்டதால் மொத்தம் 392 ஆகிவிட்டது. அதனால் 19.6 வோல்ற்றிலேயே ஊசி அளவின் கடைசிக்குப் போய்விடுகிறது. எல்லா வாசிப்பும் 2 சதவீதம் கூடுகிறது. 390உடன் தொடராக 8.2 கிலோ ஓம் ஒன்றைச் சேருங்கள். 398.2 கிடைக்கும், அதற்கு மேல் துல்லியம் தேட வேண்டாம். ஆனால் நீங்கள் வாங்கிய 390இன் கடைசி வளையம் பொன்னிறமா என்று பாருங்கள். பொன்னிறம் என்றால் 5 சதவீதம். அதாவது உள்ளே இருப்பது 370 ஆகவும் இருக்கலாம், 409 ஆகவும் இருக்கலாம், அதனோடு 8.2ஐச் சேர்ப்பதில் பொருளில்லை. கடைசி வளையம் கபில நிறத்தில் உள்ள 1 சதவீத உலோகப் படலத் தடையியைக் கேட்டு வாங்குங்கள். கால் வாற்று போதும்.

பெரிய பிழைக்கு வருவோம். இதைக் கண்டுபிடிக்க வேறு கருவி வேண்டாம். அதே மானியால் மேல் தடையியின் இரு முனைகளுக்கிடையே அளந்து, பின் கீழ்த் தடையியிலும் அளந்து பாருங்கள். இரண்டிலும் ஏறத்தாழ 2.7 வரும். கூட்டினால் 5.4, பட்டரியிலோ 12. இரு பாதிகளும் சேர்ந்து முழுமைக்கு வராவிட்டால், நீங்கள் அளப்பது சுற்றை அல்ல, மானியைச் சுமக்கும் சுற்றை.

1 மெகா ஓமுக்குச் சமாந்தரமாக 400 கிலோ ஓம் மானியை வைத்தால், கீழ்ப் பாதி ஏறத்தாழ 286 கிலோ ஓமாகச் சுருங்கிவிடுகிறது. மேலே உள்ள 1 மெகா ஓம் அப்படியே இருப்பதால் வோல்ற்றளவின் பெரும்பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இதைச் சுலபமாகக் கணக்கிட, நடுப்புள்ளியிலிருந்து பார்க்கும்போது இரண்டு 1 மெகா ஓம்களும் சமாந்தரம் என்று கொள்ளுங்கள். மூலத் தடை 500 கிலோ ஓம். குறையும் பங்கு, மூலத் தடையை மூலத் தடையும் மானித் தடையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தது:

```
500 / (500 + 400) = 0.556
6 V x (1 - 0.556) = 2.67 V
```

ஏறத்தாழ 56 சதவீதம் குறைகிறது. 8.2ஐச் சேர்த்த பிறகும் இது 2.7ஐ ஒட்டியே நிற்கும்.

ஊசியோடு தொடராகப் போடும் பெருக்கித் தடையைக் கூட்டினால் தீருமா? பிழையை 5 சதவீதத்துக்குக் கொண்டுவர மானியின் தடை மூலத் தடையைப் போல் 19 மடங்கு, அதாவது 9.5 மெகா ஓம் வேண்டும். 50 மைக்ரோ அம்பியர் ஊசிக்கு அது 475 வோல்ற்று வீச்சு. அதில் 6 வோல்ற்றை வைத்தால் ஊசி அசைந்ததா என்றே தெரியாது.

வாசிப்பைத் திருத்தவும் முடியும்: 2.67ஐ 900/400 ஆல், அதாவது 2.25 ஆல் பெருக்கினால் 6 கிடைக்கிறது. ஆனால் ஊசி மானியின் துல்லியம் முழு அளவில் 2.5 சதவீதம் என்றால் 0.5 வோல்ற்று ஐயம் உண்டு. பெருக்கும்போது அதுவும் 1.1 ஆகிவிடுகிறது. பட்டரியின் நிலையை அறிய இது போதாது.

10 மெகா ஓம் உள்ளீட்டுத் தடையுள்ள டிஜிட்டல் மானி 5.71 காட்டும். அதிலும் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவு இருக்கிறது. ஆனால் திருத்தக் காரணி 1.05 மட்டுமே என்பதால் நம்பலாம். மலிவான சில மானிகளின் உள்ளீட்டுத் தடை 1 மெகா ஓம்தான், அவற்றில் 4.0 வரும். திருத்திய பின்னும் எண் ஒத்துவரவில்லை என்றால் சுற்றுப் பலகையை உலர்த்துங்கள். உங்கள் பக்கத்துப் பனிமூட்டத்தில் அழுக்கோடு சேர்ந்த ஈரம், மெகா ஓம் தடையிகளுக்குக் குறுக்கே தானும் ஒரு தடையாக நிற்கும். பட்டரியை நேரடியாக அளக்க உங்கள் ஊசி மானியே போதும். அங்கே மூலத் தடை மிகச் சிறியது.