பிஎம்ஐ 'நார்மல்' என்றால் கொழுப்பு இல்லை என்று அர்த்தமா?

"காட்பாடியில் நடந்த முகாமில் அப்பாவுக்கு பிஎம்ஐ பார்த்தார்கள். 165 செ.மீ. உயரம், 65 கிலோ. உடல் பருமனுக்கான வரம்பு 30, அதற்குக் கீழேதான், பயமில்லை என்றார்கள். ஆனால் தொப்பை நன்றாகத் தெரிகிறது. நம்பலாமா?"

அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். அப்பாவின் பிஎம்ஐ ஏறக்குறைய 23.9. அது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லுமே தவிர, அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வந்த ஆய்வில், உடல் பருமனுக்கான வழக்கமான பிஎம்ஐ வரம்புகளின் உணர்திறன், அதாவது கொழுப்பு அதிகமுள்ளவர்களைப் பிடிக்கும் திறன், சுமார் 50%; தனித்தன்மை, அதாவது அதிகமில்லாதவர்களைச் சரியாக விட்டுவிடும் திறன், சுமார் 90%. முகாமுக்கு 200 பேர் வருகிறார்கள், அதில் 100 பேருக்குக் கொழுப்பு அதிகம் என்று வையுங்கள். பிஎம்ஐ அவர்களில் 50 பேரைத்தான் பிடிக்கும். மீதி 50 பேர் 'நார்மல்' என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். கொழுப்பு அதிகமில்லாத 100 பேரில் 10 பேர்தான் தவறாக மாட்டுவார்கள். மூட்டை தூக்கித் தசை ஏறியவர்கள் மாட்டுவது இப்படித்தான்.

ஆக, பிஎம்ஐ 'அதிகம்' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'நார்மல்' என்றால்தான் சந்தேகம். அதுவும் நம்மவர்களுக்கு அதே பிஎம்ஐயில் கொழுப்பு கூடுதலாக இருக்கும். அதனால்தான் இந்தியாவில் 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். வரம்பைக் குறைத்தால் தப்புகிறவர்கள் குறைவார்கள், வீணாக மாட்டுகிறவர்கள் கூடுவார்கள். அதைத் தவிர்க்க முடியாது.

அப்பாவுக்கு இந்திய வரம்புப்படியே எடை அதிகம். அப்புறம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப் வைத்து, இயல்பாக மூச்சை விட்டதும் அளந்து பாருங்கள். 90 செ.மீ.யைத் தொட்டால் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்த்துவிடுங்கள்.