வானிலை வருகிறது, அன்றைய திட்டம் வரவில்லை

“சமைக்கும்போது கேட்க அலெக்ஸாவில் காலை ரொட்டீன் வைத்தேன். வானிலை சொல்கிறது. என் வேலைகளைப் படிப்பதே இல்லை. கூகுள் காலண்டரை இணைத்திருக்கிறேன்.”

அலெக்ஸா செயலியின் Settings பகுதியில் காலண்டரைத் திறந்து, கூகுள் கணக்கின் கீழே வரும் பட்டியலைப் பாருங்கள். கணக்கை இணைத்தால் மட்டும் போதாது. வேலைகள் இருக்கும் காலண்டருக்கு எதிரே டிக் இருக்க வேண்டும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

சோதிக்க, இன்றைய காலண்டரில் என்ன இருக்கிறது என்று ஸ்பீக்கரிடம் நேரடியாக ஆங்கிலத்தில் கேளுங்கள். பதில் வந்தால் இணைப்பு சரி. ரொட்டீனில் Calendar என்ற செயலைச் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

ஒலி அளவைக் கூட்டும் செயலை முதலில் வையுங்கள், குக்கர் விசிலோடு போட்டியிட வேண்டுமே! அலெக்ஸாவுக்குத் தமிழ் ஆதரவு இல்லை என்பதால், வேலைகளின் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் எழுதுவது நல்லது. அடுக்களையில் இருக்கும் எல்லோரும் கேட்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.